பொங்கல் லீவு மெயில்ல முதல் வரில எந்த தேதி இருக்கணும்?

நான் ஈரோட்டுல ஜிஎஸ்டி பிராக்டிஷனர், நாப்பது பார்ட்டிக்கு ரிட்டர்ன் போடுறேன், பாதிப் பேர் ஜவுளி. ஜனவரில எங்க தொழில் எப்படின்னா, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (அதாவது சேல்ஸ் பில்லு எல்லாம் ஏத்துறது), 14ல 2பி வரும், அதாவது சரக்கு வாங்குனவங்க எவ்வளவு வரி கிரெடிட் எடுக்கலாம்னு போர்டல் காட்டுற லிஸ்ட், 15 பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20ல 3பி போட்டு வரி கட்டணும். பொங்கல் கரெக்டா நடுவுல வந்து உக்காந்துக்கும். அதனால லீவு மெயில்னு ஒண்ணு அனுப்பித்தான் ஆகணும், அதை எப்படி எழுதணும்னு எனக்கு 2024 பொங்கலுக்குத்தான் புரிஞ்சுது.

அந்த வருஷம் நான் அனுப்புன மெயில் இவ்வளவுதான்: "பொங்கலை முன்னிட்டு ஜனவரி 13 முதல் 17 வரை அலுவலகம் விடுமுறை. அவசரத்துக்கு இந்த எண்ணில் தொடர்பு கொள்ளவும்." கீழ ஒரு நண்பரோட நம்பர். அவரும் இதே தொழில்தான். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, நானும் ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

ஒரு பெட்ஷீட் பார்ட்டி அந்த மெயிலைப் படிச்சுட்டு, ஆடிட்டர் 13ல தானே லீவு, 12ல குடுத்தா போதும்னு நினைச்சுக்கிட்டார். டிசம்பர் கடைசி வாரத்து பில்லு ஆறு 12ஆம் தேதி சாயங்காலம் வாட்ஸப்ல வருது. நான் 11ஆம் தேதியே கையில இருந்த பில்ல வச்சு போட்டு முடிச்சுட்டேன். ஆறு பில்லும் சேர்த்து 8 லட்சம், 5 சதவீதம் வரி, 40,000 ரூபா. அந்த 40,000 வாங்குனவரோட 14ஆம் தேதி 2பில காட்டல, பிப்ரவரி 14லதான் காட்டும். அவர் என்ன பண்ணுவார், 2பில வராம நான் எப்படி கிரெடிட் எடுக்குறதுன்னு பேமெண்ட்ல 40,000த்த புடிச்சு வச்சுட்டார். பொங்கல் அன்னைக்கு எங்க பார்ட்டி எனக்கு போன் பண்ணி "என்னங்க ஆடிட்டரே, லீவுக்கு முன்னாடியே குடுத்தேனுங்களே"ன்னு கேக்குறார். அவர் சொல்றது சரிதான். நான் என் லீவ சொன்னேன், அவரோட கடைசி நாள சொல்லல. இப்போ 1ஏ-ன்னு ஒரு வசதி வந்துருக்கு, விட்ட பில்ல அதுல சேர்க்கலாம், ஆனா அதுவும் வாங்குனவருக்கு அடுத்த மாச 2பிலதான் போய் விழும். அதனால தேதி விஷயம் அப்படியேதான் இருக்கு.

ரெண்டாவது சம்பவம் அந்த நம்பர் பத்தினது. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு காலைல இன்னொரு பார்ட்டியோட லோடு ஹூப்ளி பக்கம் நிக்குது, வண்டி ரெண்டு நாளா ரிப்பேர், சரக்கோட போக வேண்டிய ஆன்லைன் சீட்டு, அதான் ஈவே பில், முந்தின ராத்திரி 12 மணிக்கு எக்ஸ்பயரி. ஈவே பில்ல நீட்டிக்கணும்னா எக்ஸ்பயரிக்கு முன்னாடி 8 மணி நேரம், பின்னாடி 8 மணி நேரம், அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் 4ல ஆரம்பிச்சு காலைல 8க்கு அந்தக் கதவு மூடிடும். டிரான்ஸ்போர்ட்டர் பேர்ல போட்டிருந்தா அவங்களே நீட்டிச்சிருப்பாங்க, இது பார்ட்டியே நேரா வண்டி புடிச்சு போட்டது, அப்போ பில் போட்டவங்கதான் பண்ணணும். பில் போட்டது நான். பார்ட்டி ஆறரைக்கு என் நண்பருக்கு கூப்பிட்டுட்டார், அவரும் முதல் ரிங்குலயே எடுத்துட்டார், ஆனா அவர்கிட்ட லாகின் இல்லையே. அவர் எனக்கு அடிக்கிறார், எங்க ஊர்ல வீட்டுக்குள்ள டவர் இல்ல, நான் தொழுவத்துல மாடு குளிப்பாட்டிட்டு இருக்கேன். 7.20க்கு அண்ணன் பையன் போனுக்கு லைன் கிடைச்சுது, மொட்டை மாடில நின்னு அந்த போன்லயே 7.50க்கு நீட்டிச்சேன். பத்து நிமிஷம் தள்ளியிருந்தா, வழியில ஆபீசர் வண்டிய புடிச்சா வரியில ரெண்டு மடங்கு பெனால்டி. நான் குடுத்தது போன் எடுக்க மட்டும் ஒரு ஆளு. வேலைய முடிக்க அவர் கையில ஒண்ணும் குடுக்கல.

இந்த 2026 பொங்கலுக்கு மெயில முழுசா மாத்திட்டேன். சப்ஜெக்ட் லைனே "டிசம்பர் சேல்ஸ் பில் கடைசி நாள்: ஜனவரி 7 புதன்". பார்ட்டிங்க போன்ல சப்ஜெக்ட் மட்டும்தான் பாப்பாங்க, அதனால லீவுங்கிற வார்த்தையே அதுல இல்ல. டிசம்பர் 18ல ஒரு தடவை, ஜனவரி 5ல திரும்ப ஒரு தடவை அனுப்புனேன். ஏன் 7னா, 11ஆம் தேதி ஞாயித்துக்கிழமை, ஞாயிறுன்னு ஜிஎஸ்டில நாள் தள்ளிப் போகாது, அதோட கடைசி ரெண்டு நாள் போர்டல் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். 2025ல போர்டல் படுத்து, 10ஆம் தேதிதான் நோட்டிஃபிகேஷன் வந்துச்சு, 11 போய் 13, 20 போய் 22ன்னு. அதை நம்பி யாரும் பிளான் போட முடியாது.

மெயிலுக்குள்ள: பர்ச்சேஸ் பில் 9க்குள்ள, பிஎஃப் ஈஎஸ்ஐ சலான் 12ல நானே அனுப்பிடுவேன், 13 சாயங்காலம் 3பிக்கு தோராயமா எவ்வளவு கட்டணும்னு ஒரு தொகை சொல்லிடுவேன் அத பேங்குல ரெடியா வச்சுக்கங்க, லீவு 14 முதல் 18, 19 திங்கள் 2பி ஒத்துப்பாத்து ஃபைனல் தொகை, 20 மத்தியானம் 12க்குள்ள கட்டிடணும். இதோட ஒரு கேள்வி சேர்த்தேன், "19, 20ல ஓடிபி வர்ற போன் யார் கையில இருக்கும்?" மகர ஜோதிக்கு மலைக்குப் போற ஓனருங்க நிறைய பேர், 3பி ஓடிபி அவங்க போனுக்குத்தான் போகும். அஞ்சு பேர் பதில் போட்டாங்க, அதுல ஒருத்தர் 20 ராத்திரிதான் திரும்புறாராம், போனை பையன்கிட்ட குடுத்துட்டுப் போனார்.

அவசர நம்பர் அதே நண்பர்தான். அவர் கிறிஸ்டியன், கிறிஸ்துமஸுக்கு நான் அவர் பார்ட்டிகள பாத்துக்குவேன், பொங்கலுக்கு அவர். ஆனா இந்த தடவை லோடு அனுப்புற பன்னெண்டு பார்ட்டிக்கும் அவங்க சம்மதத்தோட ஈவே பில் போர்டல்ல அவர் பேர்ல சப்-யூசர் போட்டாச்சு, அவரோட மொபைல் நம்பர் குடுத்து, ஈவே பில் மட்டும் டிக் பண்ணி. 2025ல இருந்து அங்கயும் ஓடிபி வந்துருச்சு, சப்-யூசருக்கு அவங்கவங்க நம்பருக்குத்தான் வரும், அதனால பாஸ்வேர்ட மட்டும் சொல்லிட்டுப் போறது இனி வேலைக்கு ஆகாது. 12ஆம் தேதி அவரை எங்க ஆபீஸ்ல உக்கார வச்சு பன்னெண்டுலயும் லாகின் பண்ணச் சொன்னேன், ரெண்டுல ஓடிபி வரல. பாத்தா மொபைல் நம்பர்ல ஒரு எண்ண நான் தப்பா அடிச்சிருக்கேன். ஊருக்குப் போன பிறகு தெரிஞ்சிருந்தா என்னாகும்.

எது அவசரம்னும் எழுதிட்டேன்: ஈவே பில் போடணும் நீட்டிக்கணும், இல்ல வண்டிய ஆபீசர் நிறுத்திட்டார், இந்த ரெண்டுக்கு மட்டும் அந்த நம்பர். நோட்டீஸ் வந்தா போட்டோ எடுத்து எனக்கு மெயில்ல போடுங்க, 19ல பாக்குறேன். ஸ்க்ரூட்டினி நோட்டீஸுக்கு 30 நாள் டைம் இருக்கு, அதுக்காக பொங்கல் அன்னைக்கு இன்னொருத்தர் வீட்டுக்கு போன் அடிக்கக் கூடாது.

17ஆம் தேதி சாயங்காலம் நண்பருக்கு ஒரே ஒரு கால் போயிருக்கு, ஒரு ஈவே பில் நீட்டிப்பு, பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கார். எனக்கு 19 காலைல அவரோட சப்-யூசர எல்லாம் ஃப்ரீஸ் பண்ண உக்காந்தப்பதான் சொன்னார்.