அது என்ன ‘இல்லத்திற்கு அப்பால் ஓர் இல்லம்’?

தாப்பாவில் இருந்துதான் கேமரன் மலைக்குப் பழைய பாதை ஏறுகிறது. மலைக்குப் போகிறவர்கள், தோட்டத்துக் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்று ஓர் இரவு தங்க இடம் தேடுகிறவர்கள் எப்போதும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு ஹோட்டல் அச்சடித்த விளம்பரத் தாளைப் பார்த்தேன். மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் இருந்தது. தமிழுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் ஆங்கிலத்தில் இருந்த ‘ஹோம் அவே ஃப்ரம் ஹோம்’ என்பதை அப்படியே பெயர்த்து, முதல் வரியே ‘இல்லத்திற்கு அப்பால் ஓர் இல்லம்’. என் மாமியார் அதைப் படித்துவிட்டு, “முதியோர் இல்லம் ஏதும் திறந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வீடு வேறு, இல்லம் வேறு. கல்யாணப் பத்திரிகையிலும் வாசல் பலகையிலும் இல்லம் அழகாக நிற்கும். ஆனால் பணம் கட்டித் தங்கும் இடத்துக்கு அதைப் போட்டால், நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆதரவற்றோர் இல்லமும் முதியோர் இல்லமும்தான். சரி, ‘உங்கள் இரண்டாவது வீடு’ என்று மாற்றலாமா? அது இன்னும் மோசம். ‘சின்ன வீடு’ என்றால் என்னவென்று தெரியாத தமிழர் யார்? ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற அரசாங்கத் திட்டத்தில் அந்தச் சொல் சரியாக நிற்கிறது, ஏனென்றால் அது வெளிநாட்டவர் இங்கே வந்து பல ஆண்டுகள் குடியிருப்பதற்கான விசா. அங்கே உண்மையிலேயே இரண்டாவதாக ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஹோட்டலில் ஓர் இரவு படுத்து எழுந்து போகிறவருக்கு அது பொருந்தாது.

‘ஹோம் அவே ஃப்ரம் ஹோம்’ என்று ஆங்கிலம் அந்த இடத்துக்கு ஒரு பெயர் சூட்டுகிறது. நாம் இடத்துக்குப் பெயர் சூட்டுவதில்லை, அங்கே இருந்தது எப்படி என்று சொல்லுவோம். நல்ல இடத்தில் தங்கிவிட்டு வந்தவர், “நம்ம வீட்ல இருக்கிற மாதிரியே இருந்துச்சு” என்பார். இதை எழுத்துக்குக் கொண்டுவந்தால் போதும்: ‘இங்கே தங்கினால் நம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும்.’

ஆனால் அத்தோடு விட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு. மொழிபெயர்க்க உட்காரும் முன் ஹோட்டல்காரரிடம் கேட்க வேண்டியது, “அப்படி என்ன செய்கிறீர்கள்?” என்பதைத்தான். நான் கேட்டேன். இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறக்க ஆள் உண்டு, பிள்ளைக்குப் பால் கலக்கச் சுடுதண்ணீர் கிடைக்கும், கூட நாலு பேர் வந்தால் பாய் தலையணை தருவோம், காலையில் தோசை உண்டு என்றார். இவ்வளவும் ஆங்கிலத் தாளில் இல்லவே இல்லை! நான் எழுதிக் கொடுத்தது இது:

‘நம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். நேரங்கழித்து வந்தாலும் கதவு திறப்போம். பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர், கூட வந்தவர்களுக்குப் பாய் தலையணை, விடிந்ததும் தோசையோடு பசியாறல்.’

பசியாறல் என்றதும் இங்கே காலை உணவு என்று புரிந்துவிடும். தமிழ்நாட்டு விருந்தினருக்கும் சேர்த்து அச்சடிப்பதாக இருந்தால் அந்த இடத்தில் ‘காலைச் சாப்பாடு’ என்று போட வேண்டும். அவர்கள் ஊரில் பசியாறுவது எந்த வேளைக்கும் பொது. ‘ஹோட்டல்’ என்பதும் அவர்களில் பலருக்குச் சாப்பாட்டுக் கடைதான், அதனால் ‘தங்கும் விடுதி’ என்று ஓரிடத்திலாவது வர வேண்டும்.

அதே தாளில் ‘வீட்டில் இருப்பதைப் போல் உணருங்கள்’ என்றும் இருந்தது. உணரச் சொல்லி யாரும் விருந்தாளிக்குக் கட்டளை போடுவதில்லை. வாசலுக்கு வந்தவரிடம் நாம் சொல்வது “கூச்சப்படாம இருங்க” என்பதுதான். ‘எது வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்’ என்று எழுதினால் அதே மனசு எழுத்திலும் வந்துவிடும். பஸ் நிலையம் ‘கல்லெறியும் தூரத்தில்’ இருக்கிறதாம். நமக்குக் ‘கூப்பிடு தூரம்’ இருக்கும்போது கல்லை ஏன் எடுக்க வேண்டும்? மலைக்காட்சி ‘மூச்சை நிறுத்தும்’ என்பதைப் படித்தபோது எனக்கு மனசே கேட்கவில்லை. மூச்சு நின்றால் நமக்கு அது சாவு. ‘கண்கொள்ளாக் காட்சி’ என்பது எல்லார் வாயிலும் இருக்கிற சொல்தானே!

ஆங்கிலத்தைக் கண்ணிலேயே காட்டாமல், தமிழை மட்டும் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் “யார் வீடு? எங்கே?” என்று கேட்டால் வரி தேறவில்லை. “தோசைக்குத் தனிக் காசா?” என்று கேட்டால் தேறிவிட்டது.

வாசல் பலகைக்கு மட்டும் இப்படி விவரமாக எழுதுவது சரிப்படாது, அங்கே இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் இடம். அதற்கு ‘நம்ம வீடு மாதிரி’ போதும். பேச்சு வழக்காச்சே என்று ஹோட்டல்காரர் தயங்கினால், ‘வாங்க, தங்குங்க’ என்று எழுதிவிட்டு அறை வாடகையைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.