கர்மம் பற்றிய கட்டுரையில் விதியை எழுதிவிடாதீர்கள்

சமயவியல், மெய்யியல், இந்தியப் பண்பாடு என்று எந்தப் பாடத்தில் கர்மம் பற்றிக் கட்டுரை கேட்டாலும், இளங்கலை மாணவர்கள் பலர் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள்: “பௌத்தத்தின்படி ஒருவருடைய இன்றைய நிலை முழுவதும் அவர் முற்பிறவியில் செய்த கர்மத்தின் பலன்.” படிக்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பாளி நூல்களில் புத்தர் பெயர் சொல்லி மறுக்கும் கருத்துகளில் இதுவும் ஒன்று. எந்தக் கொள்கையை விளக்க உட்கார்ந்தோமோ, அந்தக் கொள்கை எதிர்த்த ஒன்றையே அதன் பெயரில் எழுதிவைப்பது சிறிய பிழை இல்லை.

தலையெழுத்து, விதி, ஊழ் என்று வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிழை இயல்பாகவே வரும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சமணம், சைவ சித்தாந்தம், வேதாந்தம் எல்லாவற்றையும் ஒரே பதிவில் அடக்க முடியாது. கட்டுரையிலும் அதற்கு முயலாதீர்கள். சமணத்தில் கர்மம் உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள். சைவ சித்தாந்தத்தில் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது பலிக்கும் பிராரத்தம், புதிதாகச் சேரும் ஆகாமியம் என்ற பிரிவு உண்டு. வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். இவை வேறு வேறு கட்டுமானங்கள். பௌத்தக் கட்டுரையில் “பிராரத்த கர்மம்” என்று எழுதிவிட்டால், எழுதியவர் எந்த மரபைப் பற்றிப் பேசுகிறார் என்பதே கலங்கிப் போகிறது. ஒரு மரபை எடுத்து அதை ஒழுங்காகச் சொல்வதே மேல். இங்கே ஆரம்ப பௌத்தத்தை, அதாவது புத்தரின் உரைகளைத் தொகுத்த பாளி நிகாயங்களை எடுத்துக்கொள்கிறேன்.

வரையறை அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் தொகுதியில், நிப்பேதிக சூத்திரத்தில் இருக்கிறது. சேதனையையே, அதாவது மனத்தின் நோக்கத்தையே, நான் கர்மம் என்கிறேன், மனத்தால் எண்ணித் துணிந்த பிறகே ஒருவர் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் வினை செய்கிறார் என்கிறது அது. கர்மம் என்பது ஒருவர் செய்வது. அவருக்கு நேர்வது விபாகம், அதாவது வினைப்பயன். “இது என் கர்மம்” என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கட்டுரையில் ஒவ்வொரு இடத்திலும் வினையைச் சொல்கிறோமா, பயனைச் சொல்கிறோமா என்று பார்த்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, எல்லாமே வினைப்பயனா என்ற கேள்வி. இதற்கு நேரடியான இடம் சம்யுத்த நிகாயத்தின் சீவக சூத்திரம் (36.21). மோளியசீவகர் என்ற பரிவிராசகர், அதாவது அலைந்து திரியும் துறவி, ராஜகிருகத்தில் புத்தரிடம் வருகிறார். இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என மனிதன் உணர்வது எல்லாம் முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார்: பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடிய நிலை, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் செய்யும் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாமே அறியக்கூடியதையும், உலகம் உண்மையென ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள் என்று முடிக்கிறார். பின்னால் வந்த, மிலிந்த மன்னரின் கேள்விகளுக்கு நாகசேனர் என்ற பிக்கு விடை சொல்லும் மிலிந்த பஞ்ஹம் இந்த எட்டையும் எடுத்துப் பேசி, வினைப்பயனால் வருவது கொஞ்சம், மற்றவற்றால் வருவதே அதிகம் என்று இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது.

இதைவிட ஆழமான மறுப்பு அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் தொகுதியில், தித்தாயதன சூத்திரத்தில் இருக்கிறது. எல்லாம் முன்வினையால், எல்லாம் இறைவன் படைப்பால், எல்லாம் காரணமின்றி என்ற மூன்று நிலைப்பாடுகளையும் அங்கே ஒரே வரிசையில் நிறுத்தி, மூன்றுக்கும் ஒரே எதிர்வாதம் வைக்கப்படுகிறது. எல்லாம் முன்வினை என்றால் ஒருவர் இன்று கொலை செய்வதும் முன்வினையால்தான். அப்படியானால் இதைச் செய்ய வேண்டும், இதைச் செய்யக் கூடாது என்ற முயற்சிக்கே இடமில்லை. அறவாழ்வு என்ற பேச்சே விழுந்துவிடும். “கர்மம் விதியா?” என்ற கேள்விக்கு விடை எழுதும் மாணவருக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம். ஆனாலும் இது கட்டுரைகளில் அபூர்வமாகவே வருகிறது.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதிக்கொள்கை அந்தக் காலத்திலேயே தனிப் பெயரோடும் தனி ஆசிரியரோடும் இருந்தது. ஆசீவகம் என்ற துறவு மரபைச் சேர்ந்த மக்கலி கோசாலரின் நியதிக் கொள்கை அது. தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சூத்திரம் அவர் கூற்றாகத் தருவது: அறிவிலியும் அறிஞனும் 84 லட்சம் மகாகற்பங்கள், அதாவது பேரூழிகள், சுழன்ற பிறகே துன்பத்தின் முடிவை அடைவார்கள், நோன்பாலோ ஒழுக்கத்தாலோ அதைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. வினை இல்லை, செயல் இல்லை, முயற்சி இல்லை என்பவர் என்றே அங்குத்தர நிகாயம் அவரைக் கண்டிக்கிறது. இவை எல்லாம் எதிர்த்தரப்பு எழுதிவைத்த சாட்சியம் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியில் குறிப்பிடுவது நேர்மை. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையிலும், சமண நூலான நீலகேசியிலும் ஆசீவக வாதம் வருவதால், தமிழில் எழுதும் மாணவர் இந்த ஒப்பீட்டைத் தமிழ்ச் சான்றோடே செய்யலாம்.

சரி, முன்வினையே எல்லாம் என்று சொல்லும் இடம் பாளி நூல்களில் எங்குமே இல்லையா என்று விடையைத் திருத்தும் நல்ல ஆசிரியர் கேட்பார். அப்படித் தோன்றும் இடம் ஒன்று உண்டு. அது மஜ்ஜிம நிகாயத்தின் சூளகம்மவிபங்க சூத்திரம் (135). மனிதர்களில் சிலர் குறைந்த ஆயுளோடும் சிலர் நெடிய ஆயுளோடும், சிலர் நோயோடும் சிலர் நலத்தோடும் இருப்பது ஏன் என்று சுபர் என்ற இளைஞர் ஏழு இணைகளாக அடுக்கிக் கேட்கிறார். உயிர்கள் தம் வினைக்கு உரியவர்கள், வினையின் வாரிசுகள் என்று விடை வருகிறது. இந்தச் சூத்திரத்தை ஒளித்துவிட்டு எழுதும் கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

அதை மெதுவாகப் படியுங்கள். ஒவ்வொரு விடையும் செயலில் தொடங்குகிறது. ஒருவர் கையாலோ கல்லாலோ தடியாலோ கத்தியாலோ உயிர்களைத் துன்புறுத்துகிறார். இறந்தபின் துர்கதி அடைகிறார். மனிதராக வந்தால் எங்கே பிறந்தாலும் நோயாளியாக இருக்கிறார். பிறகு, நோய்க்கு இட்டுச்செல்லும் வழி இது என்று முடிகிறது. வழி என்றுதான் சொல்கிறது. இந்தச் செயல் இந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பது ஒரு கூற்று. இந்த நோயாளி அந்தச் செயலைச் செய்தவர் என்பது வேறு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. அடுத்த சூத்திரமான மகாகம்மவிபங்கம் (136) இதையே எடுத்துக்கொள்கிறது. கொலை செய்தவர் ஒருவர் சுவர்க்கத்தில் பிறப்பதையும் ஒருவர் காணக்கூடும், ஏனென்றால் அதற்கு முன்போ பின்போ நல்வினை செய்திருக்கலாம், இறக்கும் தறுவாயில் நற்காட்சி பெற்றிருக்கலாம். ஒன்றைக் கண்டுவிட்டு “எப்போதும் இப்படித்தான்” என்று பொதுவிதி சொல்பவர்களை அந்தச் சூத்திரம் கண்டிக்கிறது.

பயன் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதற்கு லோணபல சூத்திரம் இருக்கிறது. ஒரே உப்புக்கட்டியைக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் குடிக்க முடியாது. கங்கையில் போட்டால் தெரியவே தெரியாது. ஒழுக்கமும் மனமும் அறிவும் வளர்க்காத ஒருவரைச் சிறு தீவினை நரகத்துக்குக் கொண்டுபோகும். அதே தீவினை அவற்றை வளர்த்தவருக்கு இந்தப் பிறவியிலேயே சிறிதாகப் பலித்து முடியும். முன்செய்தது அப்படியே இருந்தாலும் அதன் பயன் இன்று செய்வதைப் பொறுத்து மாறும் என்பது இதன் கருத்து. “செய்தபடியே அனுபவித்துத் தீர வேண்டும்” என்றால் துன்பத்துக்கு முடிவே காண முடியாது என்று இந்தச் சூத்திரத்தின் முதல் வரியே மறுத்துவிடுகிறது.

மறுபிறப்புப் பகுதியில் வேறொரு வழுக்கல் இருக்கிறது: “ஆன்மா ஓர் உடலை விட்டு மறு உடலுக்குப் போகிறது.” மஜ்ஜிம நிகாயம் 38இல் சாதி என்ற பிக்கு, இதே விஞ்ஞானந்தான், அதாவது அறியும் உணர்வுதான், மாறாமல் சுழன்று அலைகிறது என்று சொல்லிப் புத்தரிடம் கடுமையாகக் கண்டிக்கப்படுகிறார். விஞ்ஞானம் சார்புகளால் தோன்றுவது, சார்பு இல்லாமல் அது தோன்றாது என்பதே அங்கே வரும் விடை. மறுபடி பிறப்பவர் அவரேயா, வேறொருவரா என்ற கேள்விக்கு மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர் தரும் விடை “அவருமல்லர், வேறொருவரும் அல்லர்”. இதை எழுதிவிட்டு, காரணத் தொடர் அறாமல் போவதே மறுபிறப்பு என்று விளக்கினால் போதும். மணிமேகலையின் கடைசிக் காதை அந்தத் தொடரின் கண்ணிகளான பன்னிரு நிதானங்களைத் தமிழிலேயே தருகிறது.

இப்போது ஒரு மாதிரிப் பத்தி. “ஒருவர் நோயாளியாக இருப்பதற்கு முற்பிறவியில் உயிர்களைத் துன்புறுத்தியதே காரணம் என்று பௌத்தம் கூறுகிறது. இதை மாற்ற முடியாது. ஆன்மா இந்தக் கர்மத்தை அடுத்த பிறவிக்கும் எடுத்துச் செல்கிறது.” மூன்று வாக்கியம், மூன்று பிழை. முதலாவது பயனிலிருந்து வினைக்குப் பின்னோக்கிப் போகிறது. இரண்டாவது கோசாலருடையது. மூன்றாவது சாதி என்ற அந்தப் பிக்குவினுடையது. இப்படித் திருத்தலாம்: “உயிர்களைத் துன்புறுத்துவது பின்னொரு பிறவியில் நோய்மிகுந்த வாழ்வுக்கு இட்டுச் செல்லும் வழி என்கிறது சூளகம்மவிபங்க சூத்திரம். ஆனால் சீவக சூத்திரம் நோவின் எட்டுக் காரணங்களுள் ஒன்றாகவே வினைப்பயனை வைப்பதால், ஒருவரது நோயைக் கொண்டு அவரது முன்வினையைத் தீர்மானிக்க முடியாது. வினையின் பயனும் செய்பவரின் தற்போதைய மனவளர்ச்சியைப் பொறுத்து வேறுபடும் என்பது லோணபல சூத்திரத்தின் நிலைப்பாடு. இத்தொடர்ச்சிக்கு மாறாத ஆன்மா ஒன்று தேவையில்லை.”

எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். கர்மம் வெறும் உளவியல், மறுபிறப்பு வெறும் உருவகம் என்று எழுதுவது நம் காலத்து விருப்பம். நிகாயங்கள் நரகத்தையும் சுவர்க்கத்தையும் மெய்யாகவே பேசுகின்றன. அதேபோல உது, பீஜம், கம்மம், சித்தம், தம்மம் என்ற ஐந்து நியாமங்களை, அதாவது இயல்பு ஒழுங்குகளை, “புத்தர் கூறினார்” என்று எழுதாதீர்கள். அந்தப் பட்டியல் பிற்கால உரைநூல்களுடையது.

1500 சொல் கட்டுரை என்றால் வரையறைக்கு 200 சொல் போதும். சீவக, தித்தாயதன சூத்திரங்களுக்கும் 135ஆம் சூத்திர வாசிப்புக்கும் சேர்த்துப் பாதிக் கட்டுரையைக் கொடுங்கள். மேற்கோள் காட்டும்போது மொழிபெயர்ப்பின் பக்க எண்ணோடு நிற்காமல் நிகாயத்தின் பெயர், சூத்திரத்தின் பெயர், எண் மூன்றையும் எழுதுங்கள். அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் தொகுதியில் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். லோணபல சூத்திரம் ஒன்றில் 99, இன்னொன்றில் 100. பெயரும் இருந்தால்தான் திருத்துபவர் தேடி எடுக்க முடியும்.