எடை அல்ல, விகிதம்தான்

“1897ல் ஜே.ஜே. தாம்சன் மின்புலம், காந்தப்புலம் வைத்து எலக்ட்ரானோட எடையைக் கண்டுபிடிச்சார். உண்மையா?”

இல்லை. அவர் பயன்படுத்திய கேத்தோடு கதிர்க் குழாயிலிருந்து எடையைத் தனியாகப் பிரிக்கவே முடியாது.

குழாய்க்குள் மின்புலம் தரும் அவருடைய தகடுகள் 5 செ.மீ. நீளம், இடைவெளி 1.5 செ.மீ. கணக்குக்காக 150 வோல்ட் கொடுப்போம்; மின்புலம் E = 10,000 V/m. தகடுகளுக்கு இடையே போகும் எலக்ட்ரான் கற்றை வளைகிறது. குறுக்கே காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், B = 0.0005 T ஆகும்போது திரையில் புள்ளி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இரு விசையும் சமம்; வேகம் v = E/B, நொடிக்கு 2 கோடி மீட்டர். இங்கே மின்னூட்டமே அடிபட்டுப் போகிறது, கவனியுங்கள்.

இனி காந்தத்தை அணைத்தால், தகடுகளைத் தாண்டுவதற்குள் கற்றை 0.55 செ.மீ. விலகும். இந்த விலகல் y, தகட்டின் நீளம் L என்றால், மின்னூட்டம் e-க்கும் நிறை m-க்கும் உள்ள விகிதம்:

e/m = 2yE/(B²L²) = 1.76 × 10¹¹ C/kg

மின்னூட்டமும் நிறையும் இருமடங்காக இருந்தாலும் புள்ளி அதே இடத்தில்தான் விழும். தாம்சனுக்கு இந்த முறையில் கிடைத்த விகிதமே இன்றைய மதிப்பில் ஏறக்குறையப் பாதிதான். குழாயில் மிச்சமிருக்கும் காற்று வேறு அயனியாகி மின்புலத்தைக் கெடுக்கும். முன்பு இதே சோதனையைச் செய்த ஹெர்ட்ஸுக்கு விலகலே தெரியாமல் போனது அதனால்தான்.

மின்னூட்டத்தைத் தாம்சன் தோராயமாக அளந்தது 1899ல்; துல்லியமாக அளந்தது பின்னால் வந்த மில்லிகன், எண்ணெய்த் துளியில். அதை விகிதத்தால் வகுத்த பிறகே 9.1 × 10⁻³¹ கிலோ.