"டெக்ஸ்ட் மட்டும் ஒரு தடவை பாத்துருங்க ஜி"

மீட்டிங் பதினொரு மணிக்குன்னா பத்தே காலுக்கு பிரசன்டேஷன் டெக் வரும், கூடவே ஒரு மெசேஜ், "ஜி, டெக்ஸ்ட் மட்டும் பாத்துருங்க, கிராமர் ஓகேவான்னு". கிராமர்லாம் ஓகேதான்யா. முப்பது ஸ்லைடு படிச்சு முடிச்சும் நீ என்ன சொல்ல வர்றேன்னு புரியல, அதுதான் பிரச்சினை, அத சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்குறாங்க.

நான் ஸ்லைடுக்குள்ளயே போக மாட்டேன் முதல்ல. பவர்பாயிண்ட்ல அவுட்லைன் வியூ போட்டு தலைப்ப மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் படிப்பேன், ஒரு நிமிஷம்கூட ஆகாது, பாதி நோய் அங்கயே தெரிஞ்சுரும். கடைசியா வந்த கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் டெக்குல இருந்தது இது: பேக்ரவுண்ட், டிக்கெட் ஓவர்வியூ, டிக்கெட் அனாலிசிஸ், டிக்கெட் அனாலிசிஸ் தொடர்ச்சி, சேலஞ்சஸ், கீ லேர்னிங்ஸ், வே ஃபார்வர்ட், தேங்க் யூ. இதுல டிக்கெட்ங்கறத எடுத்துட்டு எந்த கம்பெனியோட எந்த ரிவ்யூவுல போட்டாலும் பொருந்தும், அப்போ நம்ம டீம்ல இந்த மூணு மாசத்துல என்னதான் நடந்துச்சு?

நடந்துச்சு, பெருசாவே நடந்துச்சு. "டிக்கெட் அனாலிசிஸ்" ஸ்லைடுல பதினாலு புல்லட், அதுல பதினோராவதா ஒளிஞ்சிருந்துச்சு (நம்பர் எல்லாம் மாத்திதான் சொல்றேன், வேலை முக்கியம்). கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் போன குவார்ட்டர் 3,100, இந்த குவார்ட்டர் 4,200, ஏறின 1,100ல 900 ரீஃபண்ட் பத்தினது. ஏன்னா "ரீஃபண்ட் ப்ராசஸ் ஆயிடுச்சு"ன்னு மெசேஜ் போகுது ஆனா காசு எந்த தேதில அக்கவுண்ட்ல விழும்னு அதுல இல்ல, ஜனங்க காத்திருந்து பாத்துட்டு திரும்பத் திரும்ப கூப்பிடுறாங்க. மொத்த டெக்கோட உயிரே இதுதான், இதுக்கு மேல இருந்த பத்து புல்லட் என்னன்னு பாத்தா எந்த டூல்ல டேட்டா எடுத்தோம், எந்த கேட்டகிரில எத்தனை, வீக்எண்ட் ட்ரெண்டு, இந்த மாதிரி. வேலை செஞ்ச வரிசைலயே எழுதிருக்காங்க, அதான் கண்டுபிடிச்சது கீழ போய் உக்காந்துருச்சு.

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க கொலம்பியா விண்கலத்தோட அந்த ஒரு ஸ்லைட பாருங்க. 2003 ஜனவரி 16 கிளம்பி ஒன்றரை நிமிஷம்கூட ஆகல, வெளி டேங்க்லருந்து ஃபோம் துண்டு பிச்சுகிட்டு வந்து இடது இறக்கைல அடிச்சுது. விண்கலம் மேல இருக்கும்போதே போயிங் இன்ஜினியர்கள் ஆபத்து உண்டான்னு ஆராய்ஞ்சு நாசாவுக்கு ஸ்லைடு போட்டாங்க. அதுல ஒண்ணோட தலைப்பு, டெஸ்ட் டேட்டாவ பாத்தா வெப்பம் தாங்குற டைல் துளைபடுற கணக்குல நாம பாதுகாப்பான பக்கம்தான் இருக்கோம்ங்கற மாதிரி. கீழ புல்லட்டுக்குள்ள புல்லட்டா போய், கடைசி வரில சின்னதா என்ன இருக்கு தெரியுமா, டெஸ்ட்ல பயன்படுத்துன துண்டு 3 கன அங்குலம், நிஜத்துல வந்து அடிச்சது 1,920 கன அங்குலம். அறுநூத்தி நாப்பது மடங்கு! அந்த 640ங்கறது ஸ்லைடுல எங்கயும் கிடையாது, படிக்கிறவன்தான் வகுத்துப் பாத்துக்கணும். அதாவது தலைப்பு எந்த டேட்டாவ நம்பி ஆறுதல் சொல்லுதோ அந்த டேட்டாவே இதுக்குச் செல்லாதுன்னு கடைசி வரி சொல்லுது. நடுவுல "சிக்னிஃபிகன்ட்"ங்கற வார்த்தை மட்டும் அஞ்சு எடத்துல, எவ்வளவு சிக்னிஃபிகன்ட்னு கேட்டா பதில் இல்ல.

பிப்ரவரி 1, திரும்பி வரும்போது கல்பனா சாவ்லாவோட சேத்து ஏழு பேரும் போயிட்டாங்க. விசாரணைக் குழு அந்த ஆகஸ்ட்ல குடுத்த ரிப்போர்ட்ல இந்த ஸ்லைட தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டி பிரிச்சு மேஞ்சத தனியா எடுத்துப் போட்டு, ஒரு மேலதிகாரி இத படிச்சுட்டு உயிர் போற விஷயம்னு புரிஞ்சுக்காம விட்டுருக்க வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்க. ஸ்லைடாலதான் விபத்துன்னு நான் சொல்ல வரல, இறக்கைய படம் எடுத்துப் பாக்கணும்னு இன்ஜினியர்கள் கேட்டதே நடக்கல, அது வேற கொடுமை. ஆனா அந்த ஸ்லைடுல கிராமர் செக் பண்ணிருந்தா பாஸ் ஆயிருக்கும்ல?

சரி நம்ம டெக்குக்கு வருவோம். "ஓவர்லோடா இருக்கு"ன்னு கமெண்ட் போட்டா ஆளுங்க பண்றது இன்னும் மோசம், வார்த்தைய வெட்டுவாங்க. எத வெட்டுவாங்கன்னா வினைச்சொல்லையும் காரணத்தையும்தான். "ரீஃபண்ட் மெசேஜ்ல தேதி இல்லாததால திரும்ப கூப்பிடுறாங்க"ங்கறது "ரீஃபண்ட் கம்யூனிகேஷன் கேப்"னு ஆயிரும். ஸ்லைடு பாக்க சுத்தமா இருக்கும், ஆனா யார் என்ன பண்ணாங்க ஏன் பண்ணாங்கன்னு எல்லாம் போச்சு. இல்லன்னா பதினாலு புல்லட்ட ரெண்டு ஸ்லைடா பிரிச்சு ரெண்டாவதுக்கு "தொடர்ச்சி"னு பேரு வைப்பாங்க, மூட்டைய அவுத்து ரெண்டு பையில போட்டா வெயிட் குறைஞ்சுருமா? நான் பண்ணது, "கம்ப்ளெயிண்ட் 1,100 ஏறிருக்கு, அதுல 900 ரீஃபண்ட் தேதி தெரியாததால"ன்னு முழு வாக்கியத்த தலைப்புல போட்டேன். அந்த தலைப்ப நிரூபிக்காத புல்லட் எல்லாம் அப்பெண்டிக்ஸுக்கு போச்சு, மிஞ்சினது மூணு.

ஃப்ளோவுக்கும் இதே தலைப்புங்கதான். ரெண்டு தலைப்புக்கு நடுவுல "அதனால"ன்னோ "ஆனா"ன்னோ போட்டு படிச்சுப் பாரு, ஒட்டுச்சுன்னா ஃப்ளோ இருக்கு. வெறும் "அப்புறம்"தான் ஒட்டுதுன்னா அது லிஸ்ட்டு, நீ எந்த ஸ்லைட எங்க மாத்தி வச்சாலும் யாருக்கும் தெரியாது. (ஒற்றை வார்த்தை தலைப்புல இந்த டெஸ்ட்டே பண்ண முடியாது, "சேலஞ்சஸ் அதனால கீ லேர்னிங்ஸ்"னு படிச்சா சிரிப்புதான் வருது.)

இப்போ "கீ லேர்னிங்ஸ்". "வாடிக்கையாளர் தகவல்தொடர்பை மேம்படுத்த வேண்டும்." இத பாத்தா எனக்கு பிபி ஏறுது. மேம்படுத்தக் கூடாதுன்னு எவனாவது சொல்வானா? எதிர்த்துப் பேச ஆளே இல்லாத வரின்னா அதுல முடிவே இல்லன்னு அர்த்தம். முடிவு எப்படி இருக்கும்னா, "ரீஃபண்ட் மெசேஜ்ல காசு விழும் தேதிய சேக்கணும், பேமெண்ட் டீம் ஆகஸ்ட் 15க்குள்ள பண்ணணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு டெவலப்பர் வேணும்". இப்போ பேமெண்ட் டீம் மேனேஜர் "எங்கிட்ட ஆள் இல்ல"ன்னு சண்டைக்கு வருவாரு. வரட்டும், அந்த சண்டைக்குத்தானே மீட்டிங்கே போட்டிருக்கோம்.

எல்லாத்துக்கும் மேல அந்த "தேங்க் யூ" ஸ்லைடு, பூங்கொத்து படத்தோட. நீ பேசி முடிச்சு கேள்வி பதில் ஓடுற மொத்த நேரமும் திரையில நிக்கப்போறது அது ஒண்ணுதான், மத்த எந்த ஸ்லைடுக்கும் அவ்வளவு நேரம் கிடைக்காது, அந்த இடத்தக் கொண்டுபோய் பூவுக்கு குடுக்குற. அத தூக்கிட்டு அந்த தேதி, டீம், டெவலப்பர் மூணையும் அங்க போடு, நன்றிய வாயால சொல்லிக்கோ.