கால்சியம் நார்மல் என்றால் எலும்பு நலமா?

இப்படி ஒரு செய்தி பலருக்கும் அனுப்பப்படுகிறது: "கிட்னி நோயாளிக்கு ரத்தத்தில் கால்சியம் நார்மலாக இருந்தால் எலும்புக்கு ஒரு பாதிப்பும் இல்லை. வேறு டெஸ்ட் வேண்டாம்."

இது தவறு. டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்குக் கால்சியம் நார்மலாக 9.2; ஆனால் பாஸ்பேட் 7, ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் 1,100, எலும்பு மாற்றத்தைக் காட்டும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி என மூன்றும் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 9.2 எப்படி வந்தது? பெருகிய ஹார்மோன் எலும்பைக் கரைத்து ரத்தத்தில் கால்சியத்தை நிரப்புகிறது. நார்மலாகத் தெரியும் எண்ணுக்கு எலும்புதான் விலை கொடுக்கிறது.

கை எக்ஸ்ரேயில் ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நடு எலும்பில், கட்டைவிரல் பக்க ஓரம் அரித்ததுபோல் தெரியலாம். ஆனால் அது தாமதமாகத்தான் தெரியும்; எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதாலும் நிம்மதி அடைய முடியாது.

கிட்னி நோய்ச் சிகிச்சைக்கு சர்வதேச வழிகாட்டுதல்களை வகுக்கும் கேடிகோ அமைப்பின் 2017 வழிகாட்டுதலைப் பாருங்கள்: கிட்னி நோயின் மூன்றாம் நிலையிலிருந்தே கால்சியத்தோடு பாஸ்பேட், ஹார்மோன் இரண்டையும் கண்காணிக்கச் சொல்கிறது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.