"மெத்தட் சரி, கணக்குதான் தப்பு" என்று எழுதினால் மார்க் வராது

பக்கத்துத் தெருவில் இருந்து ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி போன வாரம் விடைத்தாளோடு வந்தாள். அரையாண்டுத் தேர்வு, கணிதம், 5 மார்க் கேள்வி. அதற்கு 2 கிடைத்திருந்தது. கணக்கு சாருக்குக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தாள். "நான் செய்த வழிமுறை சரி. கடைசியில் ஒரு சிறு கணக்குப் பிழைதான். எனவே முழு மதிப்பெண் தர வேண்டுகிறேன்." அவ்வளவுதான். பல வருடங்கள் கணக்கு நடத்தியவள் நான். இதே வாக்கியத்தை எத்தனை பிள்ளைகள் எழுதிப் பார்த்திருக்கிறேன்! இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஆசிரியர் எந்த வரியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இதில் ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி இது. கிராமர் விதிப்படி தீர்க்க வேண்டும்:

3x + 3y − z = 11
2x − y + 2z = 9
4x + 3y + 2z = 25

Δ = −22, Δx = −44, Δy = −66. மூன்றையும் சரியாகப் போட்டிருந்தாள். அதனால் x = 2, y = 3 இரண்டும் சரி. Δz விரிவாக்கத்தில் −156 − 42 + 110 என்பது வரை பிசகு இல்லை. அங்கே 156-ஐயும் 42-ஐயும் கூட்டி 198 என்று எழுத வேண்டிய இடத்தில் 188 என்று எழுதிவிட்டாள். −88 வர வேண்டியது −78 ஆனது. z = 4 வர வேண்டியது 39/11 ஆனது.

இதில் ஆசிரியர் ஏன் 2 போட்டார் என்று ஊகிக்க முடிகிறது. கட்டுக்கட்டாகத் திருத்தும்போது கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். 39/11-ஐப் பார்த்ததும் தப்பு என்று முடிவாகிவிடும். மேலே இருப்பதற்கு ஏதோ ஒரு மதிப்பெண் விழும். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். நான்கு அணிக்கோவைகளுக்குத் தலா 1, தீர்வுக்கு 1 என்று பிரித்தால், Δ, Δx, Δy மூன்றுக்கும் 3 நிச்சயம். Δz-க்கு விரிவாக்கம் சரியாக இருப்பதால் அரை தரலாம். தீர்வில் x, y சரி, z-க்கும் சூத்திரம் சரி. அதற்கும் அரை. ஆக 4. ஆனால் 5 இல்லை. விடை தப்பு என்பது தப்புதான். முழு மதிப்பெண் கேட்டதுதான் அவள் கடிதத்தின் பெரிய பலவீனம்.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். எல்லாப் பிழையும் கணக்குப் பிழை ஆகிவிடாது. அணிக்கோவையை முதல் வரிசை வழியாக விரிக்கும்போது நடு உறுப்புக்கு முன்னால் வரும் கழித்தல் குறியை ஒருத்தி விட்டுவிட்டால், அதையும் "கணக்கில் சறுக்கல்" என்றுதான் சொல்வாள். நான்கு அணிக்கோவைகளில் ஒன்றில் மட்டும் அது விட்டிருந்தால் சறுக்கல். நான்கிலும் விட்டிருந்தால் அவளுக்கு வழிமுறையே தெரியவில்லை. கடிதம் எழுதும் முன் இதைத் தன் தாளிலேயே பார்த்துக்கொள்ள முடியும். இவள் தாளில் குறி எங்கும் மாறவில்லை. அதனால்தான் நான் துணிந்து எழுதச் சொன்னேன்.

அப்புறம் உட்கார்ந்து கடிதத்தை மாற்றினோம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கிராமர் விதிக் கேள்வியில் Δ, Δx, Δy ஆகியவற்றின் மதிப்புகளும் x, y மதிப்புகளும் சரியாக உள்ளன. Δz விரிவாக்கத்தில் மூன்று உறுப்புகளும் சரி; 156 + 42 கூட்டியதில் 198-க்குப் பதில் 188 என்று எழுதிவிட்டேன். அது என் பிழை. அதற்கு முந்தைய படிகளுக்கு உரிய மதிப்பெண்ணைத் தாங்கள் மறுபடி பார்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ப்ளஸ் டூ பொதுத்தேர்வு என்றால் இப்படிக் கடிதம் கொடுக்க ஆசிரியர் எதிரில் இருக்க மாட்டார். அங்கே பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடத்தில். மறுகூட்டலுக்குப் பணம் கட்டிவிட்டு, படிகளுக்கு மார்க் வரும் என்று காத்திருக்கிறார்கள். மறுகூட்டலில் போட்ட மதிப்பெண்களைத்தான் கூட்டிப் பார்ப்பார்கள். எந்தப் படிக்கு எவ்வளவு என்று யாரும் மறுபடி யோசிக்க மாட்டார்கள். இந்தப் பெண்ணின் குறை மாதிரி இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, படிப்படியாகப் பார்த்து, அதன் பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகலைப் பார்க்காமல் "மெத்தட் சரிதான்" என்று நினைவை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்று என்னைக் கேட்கும் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அவளுடைய சார் 3½ கொடுத்திருக்கிறார். எனக்கு இன்னமும் 4 என்றுதான் படுகிறது. ஆனால் தாளில் 39/11 பக்கத்தில் சிவப்பு மையில் அவர் எழுதியிருந்ததை நானும் ஒப்புக்கொள்கிறேன்: "முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்திருந்தால் 11 வரவில்லை என்று தெரிந்திருக்கும்."