அட்வான்ஸ் கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுத்திருக்கிறோம்

நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, அட்டைப் பெட்டிக்காரருடைய லெட்ஜரை ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தேன். 1,04,000 Dr. பெட்டி போடுகிறவருக்கு நாம்தான் பணம் தர வேண்டும். அவர் நமக்குத் தர வேண்டியதாக எப்படி ஆகும்? அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

கதை இதுதான். கார்ட்டன் ஆர்டருக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ். ஓனர் காரில் போகும்போதே போனில் ஆர்டிஜிஎஸ் போட்டுவிட்டார். குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு எழுத்து இல்லை. ஆர்டர் நம்பர் இல்லை, 'அட்வான்ஸ்' என்ற ஒரு சொல்கூட இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து டேலியில் என்ட்ரி போட்டவர், எந்தக் கணக்கு என்று யாரையும் கேட்காமல் On Account என்று தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த On Account மேல்தான் எனக்கு ஆத்திரம். அதைப் போட்டால் லெட்ஜர் பாக்கி ஒரு பைசா தப்பாது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அந்தப் பணம் எந்தப் பில்லோடும் ஒட்டாது. அப்புறம் பில்கள் வந்தன: 1,12,000, 84,000, 96,000. மொத்தம் 2,92,000. முறைப்படி முதல் பில் முழுக்க அட்வான்ஸில் கழிய வேண்டும், மீதி 88,000. இரண்டாவது பில்லும் கழிந்தால் மீதி 4,000. மூன்றாவதில் அந்த நாலாயிரம் போக, 92,000 மட்டும் கொடுத்தால் கணக்கு முடிந்தது.

நடந்தது என்ன? வியாழக்கிழமை பேமென்ட் நாள். பணம் அனுப்புகிற பையன், எந்தப் பில்லுக்கு என்று காட்டும் Agst Ref கொடுத்தான், மூன்று பில்லும் முழுத் தொகையோடு வந்து நின்றன. On Account-இல் போட்ட இரண்டு லட்சம் அந்தப் பட்டியலில் வராது. தேதி கடந்த இரண்டு பில்லுக்கும் முழுசாக 1,96,000 அனுப்பிவிட்டான். பார்ட்டி பெயருக்குக் கீழேயே சின்ன எழுத்தில் Cur Bal 92,000 Cr என்று இருந்திருக்கும். பாக்கியே தொண்ணூற்று இரண்டாயிரம்தான், அதற்கு மேல் ஏன் அனுப்புகிறோம் என்று அந்த ஒரு வரி கேட்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

சரி, கேட்டால் தந்துவிடுவார் என்று போன் போட்டேன்.

"ஏனுங்க, அந்த ரெண்டு லட்சத்துல பழைய பாக்கி அறுபத்து மூணாயிரம் எடுத்துட்டமுங்க. நாப்பத்தி ஓராயிரந்தான் அதிகம் வந்திருக்குது. அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாமுங்க."

எந்தப் பழைய பாக்கி? மழையில் நனைந்து, அடியில் கை வைத்தால் பிய்ந்து வந்த பெட்டிகள். வண்டி ஏற்றித் திருப்பி அனுப்பி, அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி டெபிட் நோட்டும் கொடுத்தோம். அவர் அதைத் தன் கணக்கில் ஏற்றவே இல்லை. அந்தச் செத்த பில்லுக்கு நம்முடைய அட்வான்ஸை எடுத்து உயிர் கொடுத்திருக்கிறார்!

இதில் என்னைக் கொல்வது எது தெரியுமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும், பிரிவு 59. எதற்கென்று சொல்லாமல், தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லாமல் கொடுத்தால், நியாயமாக வர வேண்டிய எந்தப் பாக்கியிலும் அவர் வரவு வைக்கலாம், பிரிவு 60. திருப்பி அனுப்பிய சரக்கு பாக்கியே இல்லை என்று நான் வாதாடலாம், வாதாடுவேன். ஆனால் பணம் அவர் கையில், பேச்சு மட்டும் என் கையில். ஆர்டர் நம்பரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்று காலை முதல் வேலையாக அந்த வவுச்சரைத் திறந்து On Account-ஐ எடுத்துவிட்டு Advance என்று மாற்றி, ஆர்டர் நம்பரையே பெயராகக் கொடுத்தேன். இப்போது பர்ச்சேஸ் போடும்போதே அது கண்ணில் படுகிறது. பில்லில் எவ்வளவு கழிகிறதோ அதை Agst Ref, இன்னும் தர வேண்டிய மீதியை New Ref என்று பிரித்தால் தீர்ந்தது. அரை நிமிஷ வேலை ஐயா! இந்த அரை நிமிஷத்துக்கு எவனுக்கும் நேரமில்லாமல் போனதால், 1,04,000 ரூபாய்க்கு நான் இனி மாசக்கணக்கில் போன் போட வேண்டும்.

டெபிட் நோட்டு நகலை ஃபைலில் தேடி எடுத்தேன். அதில் அவர்கள் ஆள் சரக்கைத் திரும்ப வாங்கியதற்குப் போட்ட கையெழுத்தின் மேலேயே ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருக்கிறார்கள், மூன்று பின். பிடுங்கினால் கிழிகிறது. இவ்வளவு பெரிய காகிதத்தில் பின் அடிக்க வேறு இடமா கிடைக்கவில்லை?